கடை முதலாளிக்கு ஸ்பான்சர் கடிதம் எழுதுவது எப்படி: ஒரு கபடிக் குழுவின் அனுபவம்

முதல் ஆண்டில் ஒரே கடிதத்தை நாற்பது நகல் எடுத்தோம். "உயர்திரு" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கோடு விட்டு, கடைக்குக் கடை பெயரைப் பேனாவால் நிரப்பினோம். திருமங்கலம் கடைவீதியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு முழு நாள் நடந்தோம். 101, 201, 501 என்று வந்தது. ஓர் இரும்புக்கடை முதலாளி மட்டும் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, "இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கல்லாவிலிருந்து 501 ரூபாயை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடிதம் எழுதும் வேலை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. நம் பக்கத்து வியாபாரிகளுக்குக் கொடுத்துப் பழக்கம் உண்டு. மகமை என்று ஒதுக்கிவைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கும்பாபிஷேகம், அன்னதானம், பள்ளிக்கூடம் எல்லாம் தர்மக் கணக்கில் போகும். வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் அதிலிருந்துதான் பங்கு என்பதால் ஒருவருக்குக் கிடைப்பது 501-ஐத் தாண்டாது. அதே முதலாளி தினசரி காலண்டர் அச்சடிக்கிறார், உள்ளூர் கேபிளில் விளம்பரம் கொடுக்கிறார், ஆட்டோவின் முதுகில் கடைப் பெயரை எழுதுகிறார். அது விளம்பரக் கணக்கு. ஸ்பான்சர் கடிதம் இந்த இரண்டாவது கணக்கைத்தான் தட்ட வேண்டும். "தங்களால் இயன்ற நன்கொடை" என்று எழுதிவிட்டால் நீங்களாகவே முதல் கணக்குக்குப் போய்விட்டீர்கள்.

முதலில் கடையைத் தேர்ந்தெடுங்கள்

நாற்பது கடிதம் வேண்டாம், மூன்று போதும். எந்த மூன்று என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: உங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர் அந்தக் கடையில் பொருள் வாங்குகிறவரா?

எங்கள் குழு திருமங்கலத்துக்கு மேற்கே, உசிலம்பட்டி சாலையை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறது. பொங்கலுக்கு இரண்டு இரவு மின்னொளி கபடி நடத்துகிறோம். சுற்றி நின்று பார்ப்பவர்கள் யார் என்று ஒரு முறை உட்கார்ந்து யோசித்தோம். கொத்தனார், பெயிண்டர், கம்பி கட்டுகிறவர், பிளம்பர், வயல் வேலை செய்பவர். எங்கள் ஆட்டக்காரர்களிலேயே மூன்று பேர் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். வீடு கட்டுகிற முதலாளி பணம் கொடுத்தாலும், எந்தக் கடையில் பெயிண்ட், எந்தக் கடையில் குழாய் என்று சொல்வது பெரும்பாலும் இவர்கள்தான். ஆகவே எங்களுக்குப் பொருத்தமான கடை இரும்பு, பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடை. நகைக்கடை பெரிய கடைதான். ஆனால் அதன் வாடிக்கையாளர் இரவு பதினொரு மணிக்கு எங்கள் மைதானத்தில் நிற்பதில்லை. உங்கள் குழு கிரிக்கெட்டோ கைப்பந்தோ ஆடினால் கூட்டம் வேறாக இருக்கும், கடையும் மாறும். கல்லூரிப் பையன்கள் கூடுகிற இடம் என்றால் செல்போன் கடைக்காரர் காது கொடுப்பார்.

ஒரு எச்சரிக்கை. பீடி, புகையிலைப் பெயர்களை உடுப்பில் போடுவதை 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் தடுக்கிறது. தாராளமாகக் கொடுக்க முன்வந்தாலும் வேண்டாம்.

காலம் பார்ப்பது

பொங்கல் போட்டிக்கு மார்கழியில் போய் நின்றால் தர்மக் கணக்குதான் திறக்கும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகின்றன. அதிலிருந்து ஏஜெண்டுகள் கடைகடையாக ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். அதாவது ஆவணி, புரட்டாசி மாதங்களில் முதலாளியின் மனத்தில் அடுத்த ஆண்டு விளம்பரச் செலவு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் காலண்டர் ஏஜெண்டுடன் சேர்ந்து உள்ளே நுழைய வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு வந்தால் படிக்கவே நேரமிருக்காது.

கொடுக்க என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

கடிதம் எழுதும் முன் செய்ய வேண்டிய உண்மையான உழைப்பு இதுதான். "ஆயிரக்கணக்கான ரசிகர்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எந்த வியாபாரியும் நம்புவதில்லை. நாங்கள் எண்ணினோம். இரவு பத்து மணிக்கு, ஆட்டம் சூடாக இருக்கும்போது, களத்தின் ஒரு பக்கத்தில் நின்றவர்களையும் உட்கார்ந்தவர்களையும் மட்டும் ஒருவர் எண்ணினார். 150 பேர். நான்கு பக்கத்துக்கும் சேர்த்து 600 என்று வைத்தோம். இரண்டாம் நாள் இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் இன்னும் அதிகம். ஆனாலும் கடிதத்தில் 600 என்றே எழுதினோம். எப்படி எண்ணினோம் என்பதையும் ஒரு வரியில் சொன்னோம். முதலாளி பிறகு பேசும்போது அந்த வரியைத்தான் விரல் வைத்துக் காட்டினார்.

அடுத்து உடுப்பு. சென்ற பருவத்தில் எத்தனை ஊர்ப் போட்டிகளுக்குப் போனோம் என்று நோட்டைப் புரட்டினோம்: பதினொன்று. உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் என்று ஊர்ப் பெயர்களோடு எழுதினால் கடைக்காரருக்குத் தன் பெயர் எந்தெந்த ஊரில் நடமாடும் என்று தெரியும். இங்கே ஒரு தவறு நேரும். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் பையன்கள் பள்ளியின் உடுப்பில் ஆடுவார்கள், உங்கள் ஸ்பான்சரின் பெயர் அங்கே வராது. அந்த ஆட்டங்களைக் கணக்கில் சேர்த்துவிட்டு, பிறகு போட்டோ கேட்டால் முழிக்க நேரிடும். சங்கப் போட்டிகளில் உடுப்பு விளம்பரத்துக்குத் தனி விதி இருக்கிறதா என்பதையும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கபடி உடுப்பில் எண் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைப் பெயர் முதுகு எண்ணுக்கு மேலே ஒரு வரியாக வந்தால் நடுவரும் ஒன்றும் சொல்ல மாட்டார், படத்திலும் தெரியும்.

சாலையோரம் பிளக்ஸ் வைப்பதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் வைக்க முடியாது. 2019-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, பெயர் போட்ட பேனரைப் பார்த்து முதலாளிகளே பயப்படுகிறார்கள். மைதானத்துக்குள் கட்டும் ஒரு பலகை, நோட்டீஸ், மைக்கில் அறிவிப்பு, உடுப்பு ஆகிய நான்கு போதும்.

இன்னொன்று, நம் பகுதியில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது. நோட்டீஸில் சாதித் தலைவரின் படமோ, உடுப்பில் ஒரு கட்சிக் கொடியின் நிறமோ இருந்தால் எல்லாத் தெருவுக்கும் பொருள் விற்கிற கடைக்காரர் அந்தப் பக்கமே வர மாட்டார். காரணத்தை வாய்விட்டும் சொல்ல மாட்டார், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். எங்கள் பழைய நோட்டீஸில் அப்படி ஒரு படம் இருந்தது. அதை எடுக்க ஊருக்குள் நடந்த பேச்சு, கடிதம் எழுதியதைவிடக் கடினமாக இருந்தது.

தொகையைக் கட்டுவது

பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற கடிதங்களில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று அடுக்கு வைப்பார்கள். கடைவீதிக்கு அது ஒவ்வாது. மூன்றைப் பார்த்தால் கண் நேராகக் கடைசிக்குப் போகும். ஒரு தொகை, அது எதற்கு என்ற கணக்கு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்ற மூன்றும் இருந்தால் போதும்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. மண்ணில் ஆடிப் பழகிய பதினாறு வயதுக்குட்பட்ட பையன்கள் மேட் விரித்த களத்தில் ஆடப் போகும்போது வெறுங்காலுடன் வழுக்குகிறார்கள், தோல் உரிகிறது. ஆகவே ஷூ வேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட அணி. உடுப்பு ஒன்று 550 வீதம் 6,600 ரூபாய். மேட் ஷூ ஜோடி 850 வீதம் 10,200. வெளியூர்ப் போட்டிக்கு வேன் நான்கு நடை, 3,800 வீதம் 15,200. மொத்தம் 32,000. உறுப்பினர்கள் போட்ட பணம் 7,000. கேட்டது 25,000.

விலையெல்லாம் கடையில் எழுதி வாங்கியது. ஷூவுக்கு மட்டும் முதலில் உத்தேசமாக 1,200 போட்டிருந்தோம். மதுரையில் விளையாட்டுப் பொருள் கடையில் விசாரித்தபோது 850-க்கே கிடைத்தது. விசாரிக்காமல் போயிருந்தால் இரும்புக்கடைக்காரர் ஒரு போனில் கண்டுபிடித்திருப்பார். விலை பேசுவதுதான் அவருடைய தொழில்.

கடிதத்தில் எழுதாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு இறங்குபடியும் வேண்டும். எங்களுடையது 16,800, அதாவது உடுப்பும் ஷூவும் மட்டும். அதற்கும் கீழே போனால் முதுகில் பெயர் இல்லை, நோட்டீஸில் மட்டும் பெயர் என்று முடிவு செய்திருந்தோம். முதுகை ஐயாயிரத்துக்கு விற்றுவிட்டால் அடுத்த ஆண்டும் அதே விலைதான்.

பணம் எந்த வழியாக வரும்

உங்கள் குழு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருந்தால் எளிது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் காட்ட முடியாது என்பதால் அவருக்கும் அதுவே வசதி.

பதிவு இல்லாத குழுக்களே அதிகம். அப்போது செயலாளரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்வதுதான் வழக்கம், அதுதான் சந்தேகத்தின் வாசலும். எங்களுக்குப் பயன்பட்ட வழி வேறு: உடுப்பு தைப்பவருக்கும் ஷூ கடைக்கும் முதலாளியே நேராகப் பணம் கொடுத்துவிடுவார், பில் அவர் கடையின் பெயரில் வரும். அந்தப் பணம் எங்கள் கைக்கு வரவே வராது. இதைக் கடிதத்திலேயே எழுதினால், கேட்கத் தயங்கிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ரசீதில் "நன்கொடை" என்று எழுதாதீர்கள். "விளம்பர ஆதரவுத் தொகை" என்று எழுதி, என்ன விளம்பரம் என்பதையும் ஒரு வரி சேருங்கள். நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் சான்றிதழ் இல்லாமல் "வரி விலக்கு உண்டு" என்று சொல்லவே கூடாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத குழு ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்கவும் கூடாது. மீதியை அவருடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எங்கள் பழைய கடிதத்தின் முதல் பத்தி முழுவதும் தமிழரின் வீர விளையாட்டைப் பற்றியது. முதலாளிக்கு அது தெரியும், சொல்லப்போனால் அவர் இளவயதில் ஆடியவர். புதிய கடிதத்தில் முதல் வரியிலேயே நாங்கள் யார், இரண்டாம் வரியில் அவருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று வைத்தோம். பெயர்களை நீக்கிவிட்டு அப்படியே தருகிறேன்.

> அனுப்புநர்: செயலாளர், (குழுவின் பெயர்), (ஊர்), திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.
>
> பெறுநர்: திரு. (பெயர்) அவர்கள், உரிமையாளர், (கடையின் பெயர்), உசிலம்பட்டி சாலை, திருமங்கலம்.
>
> பொருள்: எங்கள் இளையோர் கபடி அணியின் உடுப்பில் ஓராண்டுக்குத் தங்கள் கடையின் பெயர் இடம்பெறுவது குறித்து.
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> (ஊர்) கிராமத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கபடி அணி நடத்தி வருகிறோம். எங்கள் மைதானத்தின் விளக்குக் கம்பங்களுக்கான குழாய்கள் தங்கள் கடையில் வாங்கியவை. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கட்டட வேலை செய்வோர் பலர் தங்கள் வாடிக்கையாளர்கள்.
>
> பதினாறு வயதுக்குட்பட்ட எங்கள் அணி சென்ற பருவத்தில் உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி, சோழவந்தான் உள்ளிட்ட பகுதிகளில் 11 போட்டிகளில் ஆடியது. மூன்றில் பரிசு பெற்றது. பொங்கலுக்கு நாங்கள் நடத்தும் இரண்டு நாள் மின்னொளி கபடியைச் சென்ற முறை ஒரே நேரத்தில் ஏறத்தாழ 600 பேர் பார்த்தார்கள் (ஒரு பக்கத்தில் இருந்தவர்களை எண்ணி நான்கால் பெருக்கிய கணக்கு).
>
> வரும் பருவத்துக்கு 12 பேருக்கு உடுப்பு, மேட் ஷூ, நான்கு வேன் பயணங்கள் ஆகியவற்றுக்கு 32,000 ரூபாய் ஆகிறது. உறுப்பினர்கள் 7,000 ரூபாய் திரட்டியுள்ளோம். மீதி 25,000 ரூபாயை விளம்பர ஆதரவாகத் தங்களிடம் கேட்கிறோம். விலைப்பட்டியல்களை இணைத்துள்ளோம்.
>
> இதற்கு ஈடாக, தை முதல் ஓராண்டுக்கு அணியின் உடுப்பில் எண்ணுக்கு மேலே தங்கள் கடையின் பெயர் மட்டும் இருக்கும். இரும்பு, பெயிண்ட் வியாபாரத்தில் வேறு எந்தக் கடையின் பெயரும் உடுப்பிலோ, நோட்டீஸிலோ, மைதானத்திலோ வராது. பொங்கல் போட்டியின் 1,000 நோட்டீஸ்களில் தங்கள் பெயர் முதலில் வரும். மைதானத்துக்குள் ஒரு பலகை வைப்போம். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் மைக்கில் அறிவிப்போம்.
>
> தாங்கள் விரும்பினால் உடுப்புக்கும் ஷூவுக்கும் உரிய தொகையை விற்பனையாளருக்கு நேரடியாகச் செலுத்தி, பில்லைத் தங்கள் கடையின் பெயரில் பெறலாம். பருவம் முடிந்ததும் வரவு செலவுக் கணக்கையும் ஆட்டங்களின் படங்களையும் தங்களிடம் ஒப்படைப்போம்.
>
> வரும் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் வந்து தங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறோம்.
>
> இப்படிக்கு,
> (செயலாளர் கையொப்பம், செல்பேசி எண்)
> (பயிற்சியாளர் கையொப்பம், செல்பேசி எண்)

இதில் அதிகம் வேலை செய்த வரி, வேறு இரும்புக்கடைப் பெயர் வராது என்பதுதான். எதிர்க்கடைக்காரர் அதே நோட்டீஸில் இன்னும் பெரிய எழுத்தில் வந்துவிடுவார் என்ற பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு. எழுதிக்கொடுத்த பிறகு அதைக் காப்பது உங்கள் பொறுப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் மைத்துனரின் பெயிண்ட் கடைக்கு இடம் கேட்டு வருவார், எங்களிடமும் வந்தார். கடிதத்தின் நகலைக் காட்டினோம்.

இரண்டு கையெழுத்து வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. குழுக்கள் பாதியில் உடைவதை வியாபாரிகள் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் வெளியூர் வேலைக்குப் போனாலும் இன்னொருவர் பதில் சொல்வார் என்று தெரிந்தால் நிம்மதி. லெட்டர்பேடில் பதினைந்து பொறுப்பாளர் பெயர் இருப்பது அந்த நிம்மதியைத் தராது.

நேரில் கொடுப்பது

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், கையில் கொடுங்கள். இரும்புக்கடைக்குச் சனிக்கிழமை போகக் கூடாது, கட்டட வேலைக்காரர்களின் சம்பள நாள், பழைய பாக்கி வசூலாகும் நாள். அமாவாசையும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரமும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின், மூன்று மணியளவில் கடை ஓய்ந்திருக்கும். இரண்டு பேர் மட்டும் போங்கள். எட்டுப் பேர் வாசலில் நின்றால் வசூலுக்கு வந்தது போலிருக்கும், சீக்கிரம் அனுப்பிவிடத்தான் தோன்றும். அன்றே பதில் கேட்காதீர்கள். கடிதத்தையும் விலைப்பட்டியலையும் கொடுத்துவிட்டு, கடிதத்தில் குறிப்பிட்ட நாளில் திரும்பி வாருங்கள்.

எங்கள் முதலாளி புதன்கிழமை கேட்டது ஒன்றே ஒன்று: "பையன்களின் படத்தை என் கடையில் மாட்டலாமா?" பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் என்பதால் பெற்றோரிடம் எழுதி வாங்கித் தருகிறோம் என்றோம். வேன் செலவில் பேரம் பேசுவார் என்று எதிர்பார்த்துச் சட்டைப் பையில் இருந்த 16,800-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன், தேவைப்படவில்லை. உடுப்புக்கும் ஷூவுக்கும் நேராகக் கொடுத்தார். வேனுக்கு எங்கள் பங்கு போக 8,200 ரூபாயைக் காசோலையாகத் தந்தார்.

பருவம் முடிந்த பிறகு

வைகாசியில் ஒரு பக்கக் கணக்கு கொண்டுபோனோம். ஆடிய போட்டிகள் ஒன்பது, பரிசு இரண்டு. சென்ற ஆண்டைவிடக் குறைவு, அதையும் எழுதினோம். முதுகில் கடைப் பெயர் தெளிவாகத் தெரியும் நான்கு படங்கள், ஒரு நோட்டீஸ், வேன் ரசீதுகள் நான்கு. கடைசி நடைக்கு வேன்காரர் குறைத்துக்கொண்டதால் 15,200 என்று போட்ட இடத்தில் 14,600தான் ஆகியிருந்தது. மீதி 600 ரூபாயை உறையில் வைத்து நீட்டினோம். அவர் உறையைத் திருப்பிக் கொடுத்து, களத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் கடையிலேயே வாங்கினோம், பில்லையும் கேட்டு வாங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டு வந்தோம்.